வாரிசே தெரியாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளுமா?

தெப்பக்குளம், 3 ஜூன் 2025

கும்பகோணம் பக்கம் எங்கள் தெரு. எதிர்வீட்டு டீச்சரம்மா ஏப்ரலில் தூக்கத்திலேயே போய்விட்டார். 81 வயது. பிள்ளை கிடையாது, கணவர் 1998-இல் இறந்துவிட்டார். இரண்டு நாள் கதவு திறக்காததால் நாங்கள்தான் போலீசுக்குச் சொன்னோம். போஸ்ட்மார்ட்டம் முடிந்து, யாரும் வராததால் தெருக்காரர்களே காசு போட்டு எடுத்தோம். போலீசார் பீரோவில் இருந்த நகை, பாஸ்புக், பத்திரம் எல்லாவற்றையும் மகஜர் எழுதி எடுத்துப் போய், வீட்டைப் பூட்டிச் சாவியையும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒருவர் வருகிறார். "வாரிசு இல்லாத சொத்து, கவர்ன்மெண்ட் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா என்னிடம் 8 லட்சம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்" என்று ஒரு அக்ரிமெண்ட்டைக் காட்டுகிறார். டீச்சரம்மாவுக்குச் சொந்த வீடு, வங்கியில் பிக்சட் டெபாசிட், அவர் அப்பா ஊரில் கொஞ்சம் நிலம், இவ்வளவும் இருக்கிறது. நிஜமாகவே அரசு எடுத்துக்கொள்ளுமா? எப்போது? யார் முடிவு செய்வது?

பாண்டி, 3 ஜூன் 2025

ஆமாம், எடுக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 29-ஆம் பிரிவு இருக்கிறது. வாரிசு இல்லை என்றால் அரசுக்கு. கலெக்டர் ஒரு உத்தரவு போட்டால் முடிந்தது. இல்லாவிட்டால் 12 வருடம் யார் குடியிருக்கிறாரோ அவருக்கே சொந்தம். அந்த ஆள் அதற்குத்தான் அடிபோடுகிறார். டெபாசிட்டுக்கு நாமினி யார் என்று பாருங்கள், பணம் அவருக்குப் போய்விடும்.

கருப்புக்கோட்டு, 4 ஜூன் 2025

சிவில் பக்கம் 22 வருடமாக வேலை செய்கிறேன். பாண்டி சொன்ன 29-ஆம் பிரிவு சரி, அதற்குப் பிறகு சொன்னது பாதிதான் சரி.

முதலில் கலெக்டர். ஹரித்வாரில் ஒரு ஆசிரம அறக்கட்டளையின் சொத்தை, உரியவர் வாரிசில்லாமல் இறந்துவிட்டார் என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் எடுத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017-இல் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வாரிசு இல்லை என்று கலெக்டர் தானே விசாரித்துத் தானே தீர்ப்பு எழுத முடியாது, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. வாரிசு இல்லை என்று யார் சொல்கிறாரோ அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அதையும் லேசில் ஏற்கக் கூடாது. அரசே சொன்னாலும் அரசேதான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது, நம் சட்டத்தில் வாரிசுகளின் வரிசை மிக நீளம். பிள்ளை, மனைவி, தாய் என்று தொடங்கி, தகப்பன், அண்ணன் தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று போய், அப்புறம் ஆண் வழியிலேயே வரும் பங்காளிகள், அதற்கும் பிறகு பெண் வழி கலந்த உறவுகள். இந்தக் கடைசி இரண்டுக்கும் தலைமுறைக் கணக்கில் எல்லையே வைக்கவில்லை. ஆறாம் தலைமுறைப் பங்காளி ஒருவர் இருந்தாலும் அரசு வெளியே நிற்க வேண்டியதுதான். எனவே ஒருவருக்கு வாரிசே இல்லாமல் போவது அபூர்வம். வாரிசு இருந்தும் யாரும் தேடாமல் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

12 வருடக் கணக்கு வேறு விஷயம், பிறகு எழுதுகிறேன். தெப்பக்குளம் சார், இரண்டு கேள்வி. வீடு யார் பெயரில் வாங்கியது? கணவர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா?

ரேவதி, 4 ஜூன் 2025

எங்கள் சித்தப்பா 2016-இல் வீட்டை விட்டுப் போனவர், இன்னும் வரவில்லை. கல்யாணமாகாதவர். அவர் பெயரில் மனை இருக்கிறது. இதையும் அரசு எடுத்துக்கொள்ளுமா? பயமாக இருக்கிறது.

கருப்புக்கோட்டு, 4 ஜூன் 2025

ரேவதி, உங்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். உங்கள் சித்தப்பாவுக்கு அண்ணன் தம்பி குடும்பம் இருக்கிறது, அதாவது வாரிசு இருக்கிறது. உங்கள் சிக்கல், அவர் இறந்தாரா என்பது. உயிரோடு இருந்தால் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால், இறந்ததாகக் கொள்ளும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அப்போதே போலீசில் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தை முதலில் தேடி எடுங்கள். மற்றதைத் தனி இழையில் கேளுங்கள்.

தெப்பக்குளம், 5 ஜூன் 2025

வீடு கணவர் பெயரில் 1981-இல் வாங்கியது, வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன். மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். எனக்கே நினைவிருக்கிறது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2003-இல் இறந்தார். டெபாசிட்டுக்கு நாமினி கணவர்தானாம். அவர் போன பிறகு மாற்றவே இல்லை என்று வங்கியில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார்.

மாமியார் இருந்ததால் என்ன ஆகும் என்று புரியவில்லை.

கருப்புக்கோட்டு, 5 ஜூன் 2025

நிறைய ஆகும். பிள்ளையில்லாத இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவியும் தாயும் சம வாரிசுகள். 1998-இல் அந்த வீட்டில் பாதிதான் டீச்சரம்மாவுக்கு வந்தது. மீதிப் பாதி மாமியாருக்கு. 2003-இல் மாமியார் இறந்ததும் அந்தப் பாதி அவருடைய மற்ற பிள்ளைகளுக்குப் போய்விட்டது. மருமகள் அதில் வாரிசு இல்லை. டீச்சரம்மா முழு வீட்டிலும் 22 வருடம் குடியிருந்தார் என்பதால் முழு வீடும் அவருடையது என்று நினைத்துவிடக் கூடாது.

எனவே இனி கேட்க வேண்டியது, கணவருக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கை யாராவது இருந்தார்களா?

நாமினி பற்றி: நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் கைதான், உரிமை வாரிசுக்கே. இங்கே அந்தக் கையும் 1998-லேயே போய்விட்டது.

ஓய்வுபெற்ற விஏஓ, 6 ஜூன் 2025

நான் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் 30 வருடத்துக்கு மேல் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். வக்கீலம்மா சட்டம் சொல்கிறார், நான் நடப்பைச் சொல்கிறேன்.

ஊரில் ஒருவர் வாரிசில்லாமல் இறந்தால் அதை மேலே எழுத வேண்டியது விஏஓ. எழுதினால் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் வந்து விசாரிப்பார், தாசில்தார் ஊரில் அறிவிப்பு ஒட்டச் சொல்வார், பிறகு கோட்டாட்சியர், கலெக்டர் என்று கோப்பு நகரும். இந்த ஏற்பாடு கம்பெனி காலத்துப் பழசு. வாரிசற்ற சொத்தைக் கலெக்டர்கள் கண்டுபிடித்து ரெவின்யூ போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1817-லேயே சென்னை மாகாணத்தில் ஒரு ரெகுலேஷன் போட்டார்கள்.

ஆனால் எழுதுவதில்தான் சிக்கல். பட்டா செத்தவர் பெயரிலேயே இருக்கும், வரி யாராவது கட்டிக்கொண்டிருப்பார்கள், சாகுபடி நடந்துகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. புகார் வந்தால்தான் கோப்பு திறக்கும். வாரிசைத் தேடிப் பிடித்துக் கொடு என்று எந்த அலுவலருக்கும் வேலை ஒதுக்கவில்லை. அறிவிப்பு ஒட்டுவோம், ஆட்சேபணை வந்தால் எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான். அறிவிப்பை ஊர்ச் சாவடியில் ஒட்டினால் பினாங்கில் இருக்கிற தங்கச்சிக்கு எப்படித் தெரியும்? இது எனக்கு அப்போதே உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

தம்பி, போலீஸ் எடுத்த நகை எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா? உடனே கேளுங்கள்.

தெப்பக்குளம், 6 ஜூன் 2025

கேட்டேன் சார். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்பியாயிற்று என்கிறார்கள். மகஜரில் தெருக்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார்கள், நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரட்டை வடச் சங்கிலி ஒன்று, வளையல் நான்கு, தோடு ஒரு ஜோடி.

கருப்புக்கோட்டு, 6 ஜூன் 2025

அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள். வீட்டைவிட நகைக்குத்தான் அவசரம். போலீஸ் எடுத்த பொருளுக்கு உரியவர் தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட் பிரகடனம் வெளியிடுவார். 6 மாதத்துக்குள் உரிமை கோரி யாரும் நிரூபிக்காவிட்டால் அது அரசின் கைக்குப் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதுதான், புதியதிலும் இதுதான். ஆக ஒரே அம்மாவின் சொத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கடிகாரம். நகைக்கு 6 மாதம். வீட்டுக்கு அப்படி ஒரு கெடுவே கிடையாது.

டெபாசிட்டுக்கு இன்னொன்று. 10 வருடம் யாரும் தொடாத கணக்கை வங்கி ரிசர்வ் வங்கி நடத்தும் நிதிக்கு மாற்றிவிடும். 2014-இல் வந்த ஏற்பாடு. பெயர் பெரிதாக இருந்தாலும் அது பறிமுதல் இல்லை. அதற்குப் பிறகும் வாரிசு எப்போது வந்தாலும் அதே வங்கியில் மனு கொடுத்துப் பணம் வாங்கலாம். வங்கி கொடுத்துவிட்டு நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தெந்த வங்கியில் பணம் கிடக்கிறது என்று தேட udgam.rbi.org.in தளம் 2023-இல் வந்தது. ஆனால் டீச்சரம்மா போன ஏப்ரல்தான் போனார், அவர் கணக்கு இப்போது அதில் வராது. வங்கிக்கு இறப்புச் சான்றிதழின் நகலை மட்டும் கொடுத்துவிடுங்கள், யாரும் ஏடிஎம் அட்டையைப் போட்டு எடுக்காமல் இருக்கட்டும்.

ஈஸ்ட்ஹாம் தமிழன், 7 ஜூன் 2025

இங்கே இங்கிலாந்தில் வேறு மாதிரி. இப்படிப்பட்ட சொத்தைப் பார்க்க ட்ரெஷரி சொலிசிட்டர் அலுவலகத்தில் தனிப் பிரிவே உண்டு. கார்ன்வாலில் இறந்தால் மட்டும் அது அரசர் வீட்டுப் பண்ணைக்கு, அதாவது டச்சி ஆப் கார்ன்வாலுக்குப் போகும். லங்காஷயர் பக்கம் என்றால் டச்சி ஆப் லங்காஸ்டர். உரியவர் தெரியாத சொத்துகளின் பட்டியலைப் பொதுவில் வெளியிடுவது இங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதைப் பார்த்து வாரிசைத் தேடிப் பிடித்துப் பங்கு வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு கயானாக்காரப் பெரியவர் இறந்தபோது அப்படி ஒருவர் வந்து வீடு வீடாக விசாரித்தார்.

இன்னொரு வித்தியாசம், இங்கே வரிசை தாத்தா பாட்டி வழி வந்தவர்களோடு நின்றுவிடும். பெரியப்பா பேரன் வரைக்கும் வரலாம், கொள்ளுத்தாத்தா வழிப் பங்காளிக்கு ஒன்றும் இல்லை. அதனால் அரசுக்குப் போவது இங்கே நிஜமாகவே நடக்கிறது. பிறகு வாரிசு வந்தால் 12 வருடம் வரை வட்டியோடு கொடுப்பார்கள்.

நம் ஊரிலும் பட்டியல் போட்டால் என்ன?

ஓய்வுபெற்ற விஏஓ, 7 ஜூன் 2025

பட்டியல் போட்டால் மறுநாளே நூறு பேர் வாரிசுச் சான்றிதழோடு வருவார்கள். ஆள் இல்லாத வீடு எது என்று நாமே ஊருக்குச் சொன்னது போல ஆகிவிடும். எனக்கு இதில் தெளிவான பதில் இல்லை.

தெப்பக்குளம், 9 ஜூன் 2025

அந்த அக்ரிமெண்ட் ஆள் நேற்று மறுபடி வந்தார். இந்த முறை போட்டோ எடுத்துக்கொள்ள விட்டார். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர், 2024 ஜனவரி தேதி. பதிவு செய்யவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. டீச்சரம்மாவுக்கு கடைசி இரண்டு மூன்று வருடம் கை நடுக்கம். பென்ஷனுக்கு வருடா வருடம் உயிரோடு இருக்கும் சான்று கொடுக்க நான்தான் கூட்டிப் போவேன், கையெழுத்து போட அவ்வளவு நேரமாகும். கோடு அலையலையாகப் போகும். இந்தக் கையெழுத்து அவர் ஸ்கூலில் ரேங்க் கார்டில் போட்ட மாதிரி ஒரே இழுப்பில் இருக்கிறது.

எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர் பெயரை இப்படிப் பயன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கருப்புக்கோட்டு, 9 ஜூன் 2025

போட்டோவின் பின்பக்கத்தையும் எடுத்தீர்களா? ஸ்டாம்ப் பேப்பரின் பின்னால் விற்பனையாளர் பெயர், உரிம எண், வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் இருக்கும். விற்பனையாளரின் பதிவேட்டில் அந்த வரிசை எண் அதே தேதியில் அதே பெயருக்கு இருக்கிறதா என்று பார்த்தால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். முன் தேதியிட்ட பத்திரம் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். பென்ஷன் சான்றில் உள்ள கையெழுத்து ஒப்பிட நல்ல ஆதாரம், ஏனென்றால் அது அரசு அலுவலகத்தில் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஒருவேளை அந்த அட்வான்ஸ் உண்மையாகவே இருந்தால், அரசு வந்தாலும் அது அழிந்துபோகாது. 29-ஆம் பிரிவே சொல்கிறது, ஒரு வாரிசுக்கு என்னென்ன கடனும் பொறுப்பும் வருமோ அவற்றோடுதான் அரசு சொத்தை எடுக்க வேண்டும். இது புதிதும் அல்ல. மசூலிப்பட்டினத்தில் வாரிசற்ற ஒரு பிராமண ஜமீன்தாரின் சொத்தைக் கலெக்டர் எடுத்தார். பிராமணன் சொத்தை ராஜா தொடக் கூடாது என்று மனுவே சொல்லியிருக்கிறார் என்று வாதிட்டார்கள். 1860-இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்த வாதத்தை ஏற்கவில்லை, அரசு எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே சொத்தின் மேல் உள்ள பொறுப்புகளுக்கு உட்பட்டே எடுக்க வேண்டும் என்றது.

எனவே அவரிடம் சாவியும் கொடுக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். பணம் வர வேண்டும் என்றால் வழக்கு போட்டு நிரூபிக்கட்டும். நீங்கள் கலெக்டருக்கும் சார்பதிவாளருக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்னார் இன்ன தேதியில் இறந்தார், வாரிசு விசாரணை நடக்க வேண்டும், இப்படி ஒரு ஆவணம் காட்டப்படுகிறது என்று மூன்றே வாக்கியம் போதும். ஒப்புகை அட்டை முக்கியம்.

பாண்டி, 10 ஜூன் 2025

12 வருடக் கணக்கைப் பிறகு சொல்கிறேன் என்றீர்களே அக்கா? எங்கள் ஊரில் ஒருவர் அப்படித்தான் வீட்டையே வாங்கிவிட்டார்.

கருப்புக்கோட்டு, 10 ஜூன் 2025

சும்மா குடியிருந்தால் வராது தம்பி. உரியவருக்கு எதிராக, இது என்னுடையது என்று வெளிப்படையாக, விடாமல் 12 வருடம் வைத்திருக்க வேண்டும். வாடகைக்கு வந்தவர், காவலுக்கு வந்தவர், உறவு என்று தங்கியவர் இவர்களுக்கு அந்த வாதம் நிற்காது. அவர்கள் அனுமதியோடு இருந்தவர்கள். அரசின் சொத்து என்றால் 12 இல்லை, 30 வருடம். உங்கள் ஊர்க்காரர் வீட்டை வாங்கியது பெரும்பாலும் வேறு காகிதத்தால் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

தெப்பக்குளம், 16 ஜூன் 2025

பெரிய செய்தி. கணவருக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறார்.

எப்படித் தெரிந்தது என்றால், டீச்சரம்மா வருடா வருடம் மாசியில் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்குப் போவார். திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நானும் ஒருமுறை கார் ஓட்டிப் போயிருக்கிறேன். அது நேற்று இரவு திடீரென்று நினைவு வந்தது. காலையில் கிளம்பிப் போனேன். பூசாரியிடம் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறது. பங்காளி வீடு ஒவ்வொன்றும் யார் கட்டினார், எந்த ஊர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் டீச்சரம்மா கணவரின் பெயரும் இருந்தது, அவர் இறந்த பிறகு டீச்சரம்மா கட்டியதும் இருந்தது. பக்கத்திலேயே ஒரு பங்காளி வீடு. அந்தப் பெரியவர் சொன்னார், அந்த வீட்டுப் பெண் ஒருத்தியை அறுபதுகளில் மலேசியாவில் கட்டிக் கொடுத்தோம், கிள்ளான் பக்கம், அண்ணன் காரியத்துக்கு வந்து போனாள், அம்மா இறந்ததற்கு வர முடியவில்லை என்று.

அந்த அம்மா இருக்கிறாரா இல்லையா தெரியவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகளாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர் நல்ல மனிதர், ஆனால் அவர் மகன் என்னை வாசல் வரை வந்து அனுப்பும்போது, "அப்படியானால் நாங்களும் வாரிசுதானே?" என்று கேட்டார்.

கருப்புக்கோட்டு, 16 ஜூன் 2025

தலைக்கட்டு வரி நோட்டு! இதை நான் என் ஜூனியர்களிடம் சொல்லப் போகிறேன். பங்காளி முறையை நிரூபிக்க வருகிறவர்கள் எப்போதும் வாய்மொழிச் சாட்சியைத்தான் கொண்டு வருவார்கள். பக்கங்களை போட்டோ எடுத்தீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த மகனுக்குப் பதில்: இப்போது இல்லை. தங்கையோ, தங்கை இறந்திருந்தால் தங்கையின் பிள்ளைகளோ இருக்கும்வரை பங்காளிகளின் முறை வராது.

கணக்கு இப்படி வரும். வீட்டில் மாமியார் வழிப் பாதி 2003-லேயே இந்தத் தங்கைக்கு வந்துவிட்டது, வேறு பிள்ளைகள் இல்லை என்றால். டீச்சரம்மாவிடம் இருந்த மறு பாதி கணவரிடமிருந்து வந்தது, பிள்ளையில்லாததால் கணவரின் வாரிசுக்கே திரும்பும். அதுவும் தங்கைக்கு, அல்லது அவர் பிள்ளைகளுக்கு. டீச்சரம்மா தன் சம்பளத்தில் சேர்த்த டெபாசிட்டும் முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான். அவர் அப்பா வழி நிலம் மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும்.

மலேசியக் குடியுரிமை இதற்குத் தடை இல்லை. வாரிசாக வரும் சொத்தை அவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

ரேவதி, 17 ஜூன் 2025

என்ன அநியாயம் இது? அவர் வேலை பார்த்துச் சேர்த்த பணம் எப்படி நாத்தனாருக்குப் போகும்? டீச்சரம்மாவின் கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு இல்லையா?

கருப்புக்கோட்டு, 17 ஜூன் 2025

சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எனக்கும் இதில் உடன்பாடு இல்லை. நாராயணி தேவி என்று ஒரு பெண், 1955-இல் கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவர் இறந்தார், புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பிறந்த வீடு படிக்க வைத்தது, வேலைக்குப் போனார், சம்பாதித்தார். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய அம்மா கேட்டார், கணவரின் அக்கா தங்கை பிள்ளைகளும் கேட்டார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் கணவர் பக்கத்துக்கே கொடுத்தது. இரக்கத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு பக்கம் காகிதம் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தால் நாராயணி தேவியின் அம்மாவுக்கே எல்லாம் போயிருக்கும். உயில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது.

உயில் இருந்தால் அரசுக்கு என்ன நிலை என்பதற்கு ராஜஸ்தானின் கேத்ரி வழக்கைப் பாருங்கள். வாரிசில்லாத ராஜா சர்தார் சிங் 1987-இல் இறந்தார், சொத்தை ஒரு டிரஸ்டுக்கு எழுதி வைத்திருந்தார். மாநில அரசு வாரிசற்ற சொத்து என்று கைப்பற்றியது. பல பத்தாண்டு இழுத்து, உயிலை நீதிமன்றம் ஏற்ற பிறகு அதில் அரசு தலையிட முடியாது என்று இந்த வழக்குகளில் வந்து நிற்கிறது.

செல்லம்மாள் பேத்தி, 18 ஜூன் 2025

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று கேட்கிறேன். டீச்சரம்மாவுக்கு வேலை செய்த பெண் யாராவது இருந்தாரா? எங்கள் ஆயா அப்படி ஒரு வீட்டில் 14 வருடம் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டி, மலம் அள்ளி, எல்லாம். பாட்டி இறந்ததும் எங்கிருந்தோ வந்த தம்பி மகன் அன்றைக்கே சாவி வாங்கிக்கொண்டார். ஆயாவுக்குக் கடைசி மாதச் சம்பளம்கூட வரவில்லை. அவர்களுக்கு எல்லாம் சட்டத்தில் இடமே இல்லையா?

தெப்பக்குளம், 18 ஜூன் 2025

இருக்கிறார். காலை ஒரு வேளை வந்து சமைத்துப் போவார். டீச்சரம்மா போன நாளிலிருந்து அவருக்கும் வருமானம் இல்லை. இவ்வளவு நாள் வீட்டையும் நகையையும் பற்றியே எழுதினோம், இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

கருப்புக்கோட்டு, 18 ஜூன் 2025

பார்த்துக்கொண்டதற்காகச் சொத்தில் பங்கு கிடையாது. பாக்கிச் சம்பளம் உண்டு, அது கடன். வாரிசோ அரசோ யார் சொத்தை எடுத்தாலும் அவர்களிடம் கேட்கலாம். எத்தனை மாதம், எவ்வளவு என்று இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பணமாகக் கொடுத்தாரா, வங்கியிலா?

ஈஸ்ட்ஹாம் தமிழன், 18 ஜூன் 2025

இங்கே இறந்தவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அரசிடம் விண்ணப்பித்துக் கருணைத் தொகை வாங்க வழி இருக்கிறது. உரிமையாக இல்லை, அவர்கள் விருப்பப்பட்டால். அதற்கும் வாரிசு இல்லாமல் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற விஏஓ, 21 ஜூன் 2025

தம்பி, அப்பா வழி நிலத்தை மறந்துவிடாதீர்கள். எல்லோரும் வீட்டையே பார்க்கிறார்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலா இருக்கிறது? சாகுபடி யார்? குத்தகை கொடுத்தாரா? முப்பது நாற்பது வருடம் ஒரே குடும்பம் உழுதால் அவர்களுக்குக் குத்தகைதாரர் பாதுகாப்பு வந்திருக்கலாம். அப்பாவின் பங்காளிகள் அதே ஊரில் இருந்தால் அவர்கள்தான் இப்போது வாரிசு. நிலத்துக்கு உங்கள் மலேசியா அம்மா சம்பந்தமே இல்லை.

தெப்பக்குளம், 22 ஜூன் 2025

பட்டா அப்பா பெயரில்தான். டீச்சரம்மா ஒரே பெண். அந்த ஊருக்கு நான் போனதில்லை. குத்தகை நெல் இரண்டு மூட்டை அறுவடைக்கு அறுவடை வரும், அது மட்டும் தெரியும். ஒரு பெரியவர் வண்டியில் கொண்டுவந்து போடுவார். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

கருப்புக்கோட்டு, 24 ஜூன் 2025

இந்த இடைக்காலத்தில் சொத்தை யார் காப்பது என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள், பொதுவிலேயே சொல்கிறேன். சென்னை ஐகோர்ட் வளாகத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் என்று ஒரு அரசு அதிகாரி இருக்கிறார். உரியவர் இல்லாமல் கிடக்கும் சொத்து கைமாறும் ஆபத்து இருந்தால், அவரைப் பொறுப்பெடுக்கச் சொல்லி நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். அவர் எடுத்தால் சொத்து அரசுடையது ஆகிவிடாது. காத்து வைத்து, வாரிசு வந்தால் கணக்கோடு ஒப்படைப்பார், கட்டணம் கழித்துக்கொள்வார். கும்பகோணத்தில் உள்ள ஒரு வீட்டுக்குச் சென்னை போய் மனு போட யார் செலவு செய்வார் என்பதுதான் கேள்வி. அதனால்தான் இந்த வழியை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. கிள்ளானிலிருந்து பதில் வந்தால் இது தேவைப்படாது.

தெப்பக்குளம், 2 ஜூலை 2025

மூன்று கடிதமும் போயிற்று, ஒப்புகை அட்டை இரண்டு வந்தது. ஸ்டாம்ப் விற்பனையாளரைப் பார்க்க நண்பர் ஒருவர் போயிருக்கிறார். அந்த ஆள் ஒரு வாரமாகத் தெருப் பக்கம் வரவில்லை.

கிள்ளானில் ஒரு மாரியம்மன் கோயில் அலுவலகத்துக்குப் பேசினோம். பங்காளிப் பெரியவர் கொடுத்த பெயரையும் பழைய கல்யாணப் படத்தையும் அங்கே அறிவிப்புப் பலகையில் போடச் சம்மதித்தார்கள். சமையல் செய்தவருக்குத் தெருவில் இரண்டு வீட்டில் வேலை சொல்லிவிட்டோம், பாக்கி மூன்று மாதம் என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

வக்கீலம்மா, ஒரு சந்தேகம். நகைக்கு 6 மாதம் என்றீர்களே, அதற்குள் மலேசியாவிலிருந்து ஆள் வர முடியாவிட்டால், வாரிசு விசாரணை நடக்கிறது என்று நான் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதினால் ஏற்பார்களா, இல்லை உரியவரே வர வேண்டுமா?